ஆடிட் முடிந்தது, நன்றியை எப்படிச் சொல்வது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சமையல், துணி துவைப்பு எல்லாம் முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். என்னிடம் வணிகவியல் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று ஏதாவது ஓர் அலுவலகத்தில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் உங்களுக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டீர்கள் என்று எனக்கு இப்போது பழகிவிட்டது. இந்த வருடம் அதே சீசனில் ஒருத்தி அவளாகவே கூப்பிட்டாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம் என்றாள், போடவில்லை.

அவள் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். அவளுக்குக் கீழே ஏழு பேர். கணக்கு கையெழுத்தான மறுநாள் காலையில் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். "டீச்சர், டீமுக்கு நன்றி சொல்லி குரூப்ல போடணும். இதக் கொஞ்சம் திருத்திக் குடுங்க." எனக்கு ஒரே சந்தோஷம். ரிட்டயர்டு ஆனபிறகு யாரும் சிவப்பு மையைக் கேட்பதில்லையே! அவள் எழுதியிருந்தது இது:

"அன்பு டீம், நம்ம ஆடிட் சக்சஸ்ஃபுல்லா முடிஞ்சது. இரவு பகல் பாராமல், குடும்பத்தையும் மறந்து உழைத்த உங்கள் அர்ப்பணிப்புக்குத் தலைவணங்குகிறேன். ஒரு நாள்கூட பத்து மணிக்கு முன்னாடி வீட்டுக்குப் போகாத நம்ம தம்பிக்கு ஸ்பெஷல் நன்றி. நாமெல்லாம் ஒரே குடும்பம்னு நிரூபிச்சுட்டீங்க. அடுத்த வருஷமும் இதே மாதிரி கலக்குவோம்!"

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மனசும் நல்ல மனசு. ஆனால் அவளே போனில் ஒரு விஷயம் சொன்னாள். போன வருடமும் கிட்டத்தட்ட இதே வாசகத்தைத்தான் போட்டாளாம். எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்களாம். அக்டோபரில் இரண்டு பேர் அடுத்தடுத்து வேலையை விட்டுவிட்டார்கள். அதில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, போகும்போது சொன்னாளாம்: "அந்த மெசேஜப் பாத்த அப்பறம்தான் முடிவு பண்ணேன் மேடம். நான் ஆறு மணிக்குப் போறவ. இங்க நான் எப்பவும் பின்னாடிதான்னு தெரிஞ்சுபோச்சு."

"நன்றி சொன்னதுக்கு ஒருத்தி போயிட்டா டீச்சர். அதான் இந்த வருசம் உங்ககிட்ட காட்டிட்டுப் போடலாம்னு." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரல் சிரிக்கவில்லை.

வாசகத்துக்குப் போகும் முன், பிள்ளைகள் ஏன் அந்நேரம் வரை உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன். நன்றி எதற்கு என்று தெரியாமல் நன்றியை எப்படித் திருத்துவது?

கணக்கு வேலையில் இல்லாத சொந்தக்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. கம்பெனிகள் செப்டம்பர் 30க்குள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்தவேண்டும். அதற்கு வழக்கமாக 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் முதல் வாரத்தில் ஆடிட்டர் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். ஆகவே நெருக்கடி முழுக்க ஆகஸ்டில் வந்து விழும். வருமான வரிக்கான தணிக்கை அறிக்கைக்கும் வழக்கமாக அதே செப்டம்பர் 30தான். ஆடிட்டர் அலுவலகங்களில் பயிற்சிக்கு இருக்கும் பிள்ளைகளும் அந்த மாதத்தில் அப்படித்தான் அலைகிறார்கள்.

இவள் கம்பெனியில் இடித்தது ஜாப் ஒர்க். திருப்பூரில் ஒரு கம்பெனியே எல்லாவற்றையும் செய்வது அபூர்வம். நூலை நிட்டிங்குக்கு அனுப்புவார்கள், துணியை டையிங்குக்கு அனுப்புவார்கள், அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங். போகும்போது ஒரு டெலிவரி சலான், திரும்பும்போது ஒரு சலான். துணி வெளியில் இருந்தாலும் அது கம்பெனியின் சரக்குதான். ஆகவே மார்ச் 31 அன்று யாரிடம் எத்தனை கிலோ இருந்தது என்று ஒவ்வொரு பார்ட்டியிடமும் கடிதம் வாங்கித் தரச்சொல்லி ஆடிட்டர் கேட்பார். இவர்களுக்கு அப்படி 38 பார்ட்டிகள். ஆகஸ்ட் தொடங்கும்போது வந்திருந்த கடிதம் பதினொன்று. வந்த கடிதத்திலும் பாதி, கம்பெனி பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் திரும்பி வந்த சலான்களைப் பல மாதங்களாகப் பதியாமல் ஃபைலில் சொருகி வைத்திருந்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் பதினாறு மாலைகள் இருந்து, ஒவ்வொரு சலானாக எடுத்து ஒத்துப்பார்த்தார்கள். சராசரியாக ஆளுக்கு இரண்டரை மணி நேரம்.

இப்போது வாசகத்துக்கு வருகிறேன்.

"இரவு பகல் பாராமல்" என்பதை முதலில் அடித்தேன். பாராட்டு நேரத்தின்மேல் போய் விழுகிறது, வேலையின்மேல் விழவில்லை. பத்து மணிவரை இருந்தது நல்லது என்று மேனேஜர் எழுத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த ஆகஸ்டில் ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்கள் எதையோ குறைவாகச் செய்கிறார்கள் என்றுதானே பொருள்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் படித்துக்கொள்வார்கள். "உங்க டீம்ல ஆறு மணிக்குக் கிளம்பறவங்க எப்படிக் கிளம்பறாங்க கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஸாரி மேடம்னு சொல்லிட்டுப் போறாங்க டீச்சர்." வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்? நீங்கள் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தால் இதைக் கவனித்துப்பாருங்கள். இன்னொன்று, நீங்கள் எழுந்திருக்கும்வரை யாராவது வேலை இல்லாமலே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் உங்கள் நன்றி ஏற்கெனவே உத்தரவாக மாறிவிட்டது.

"குடும்பத்தையும் மறந்து" என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். எவரும் மறக்கவில்லை. மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு, எட்டு மணிக்கு ஒருதரம், ஒன்பது மணிக்கு ஒருதரம் போன் பண்ணிப் பேசிக்கொண்டுதான் சலான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நாம் பெருமையாக மாற்றிச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? "ஒரே குடும்பம்" என்பதும் அதே ரகம்தான். குடும்பத்தில் யாரும் மணிக்கணக்கு பார்ப்பதில்லை, அதனால்தான் கம்பெனிகளுக்கு அந்த வார்த்தை இவ்வளவு பிடிக்கிறது.

அடுத்தது அந்தத் தம்பிக்குப் போட்ட ஸ்பெஷல் நன்றி. "அவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டேன். "தினமும் பத்து மணிக்கு மேலதான் டீச்சர் போனான்." "அது சரி, என்ன செஞ்சான்?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. 640 கிலோ துணி ஒரு லாட். மார்ச்சில் டையிங் போய், 29ஆம் தேதி திரும்பி, குடோன் இருப்பில் சேர்ந்துவிட்டது. ஆனால் திரும்பிய சலானை ஜாப் ஒர்க் பதிவேட்டில் ஏற்றவில்லை. அதனால் அந்தப் பதிவேட்டின்படி துணி இன்னும் டையிங்கில் இருக்கிறது, குடோன் பட்டியலின்படி குடோனிலும் இருக்கிறது. ஒரே துணிக்கு இரண்டு இருப்பு. டையிங்காரர் கடிதத்தில் "இருப்பு இல்லை" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, இந்தப் பையன் நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்திருக்கிறான். இறுதிச் சரக்கிருப்பு கூடினால் மொத்த இலாபம் கூடும் என்று நான் உங்களுக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேன்! அவன் பிடிக்காவிட்டால் அந்த லாட்டின் மதிப்பு அப்படியே பொய் இலாபமாக உட்கார்ந்திருக்கும், அதற்கு வரியும் கட்டியிருப்பார்கள்.

"எத்தனை மணிக்குக் கண்ணு கண்டுபிடிச்சான்?"

"மத்தியானம் மூணு மணி இருக்கும் டீச்சர். சாப்பிட்டு வந்து..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வருடத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு பட்டப்பகலில் நடந்திருக்கிறது. நன்றியோ இரவு பத்து மணிக்குப் போகிறது.

இரவில் என்ன நடந்தது என்றும் கேட்டேன். ஒரு நாள் ஒன்பதே முக்காலுக்கு ஒருவர் ஒரு டையிங் பில்லை 1,86,000 என்பதற்குப் பதில் 1,68,000 என்று பதிந்துவிட்டார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பற்றும் வரவும் தானாகச் சமமாகிவிடுவதால் இருப்பாய்வில் எதுவும் தெரியாது. பார்ட்டி அனுப்பிய கடிதத்தோடு ஒப்பிடும்போதுதான் 18,000 இடித்தது. மறுநாள் காலை முழுக்க இரண்டு பேர் அதைத் தேடினார்கள். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், முதலில் எண்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பார். 18,000 வகுபடுகிறது. அந்த இருவரும் என்னிடம் படிக்கவில்லை, பாவம்.

களைத்த கண் 86ஐ 68 ஆக்கும். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மணிநேரத்தைப் பாராட்டுகிற நன்றி, இந்த 1,68,000 பதிந்த மணிநேரத்தையும் சேர்த்துத்தான் பாராட்டுகிறது.

பத்து மணிப் பையனைப் பற்றி இன்னொரு சின்னத் தகவல். அவன் நான்கு பேரோடு ஒரு தகர ஷீட் போட்ட அறையில் தங்கியிருக்கிறான். அலுவலகத்தில் ஏசியும் வைஃபையும் இருக்கிறது. வேலை எட்டரைக்கு முடிந்தபிறகும் அவன் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவனே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறான். கல்யாணமான ஒரு பெண்ணை இவனோடு ஒப்பிட்டு அளந்தால் அளவுகோலே தப்பு.

கடைசி வரிதான் மிக மோசம், "அடுத்த வருஷமும் இதே மாதிரி கலக்குவோம்". நம் மொழியில் இந்த "-வோம்" ரொம்ப இனிமையானது. ஆனால் அதிகாரத்தில் இருக்கிறவர் வாயில் அது கட்டளைதான். "நாளைக்குச் சீக்கிரம் வருவோம்" என்று தலைமை ஆசிரியர் சொன்னால் எங்களுக்கு அதன் பொருள் தெரியும், இல்லையா? நன்றி என்பது முடிந்துபோனதைப் பற்றியது. அதில் வருங்காலம் நுழைந்தால், கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற மாதிரி ஆகிவிடுகிறது.

"அப்ப நன்றியே சொல்லாம விட்டுடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. விடக்கூடாது. ஐந்து பேர் பதினாறு மாலைகளைக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்க்காத மாதிரி இருந்தால் அது இன்னும் மோசம். நேரத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாதனையாகச் சொல்லக்கூடாது, வாங்கிய கடனாகச் சொல்லவேண்டும். கடன் என்றால் எவ்வளவு என்று எண் வேண்டும், எப்போது திருப்புவோம் என்று தேதி வேண்டும், ஏன் வாங்க நேர்ந்தது என்று காரணமும் வேண்டும். கணக்குக்காரிக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

ஆகவே மெசேஜை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னேன். முதலில் முதலாளியைப் பார். விடுப்போ சம்பளமோ ஒப்புதல் வாங்கு. பிறகு எழுது. "கண்டிப்பா ஏதாவது செய்யறோம்" என்று எழுதிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால், எழுதாமலே இருந்திருக்கலாம்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தயக்கம். கணக்கு போடு என்றேன். ஐந்து பேர், பதினாறு மாலை, இரண்டரை மணி நேரம்: 200 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 25 நாள். ஓர் ஆளின் ஒரு மாத வேலை சம்பளமில்லாமல் கிடைத்திருக்கிறது. கீழே தையல் பிரிவில் ஓவர்டைம் என்றால் இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டமே சொல்கிறது, அங்கே அதற்கென்று ஏடும் இருக்கிறது. மாடியில் அக்கவுண்ட்ஸ் அறையில் "மாதச் சம்பளம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பையன்களும் பெண்களும் கேட்பதில்லை.

போய்ப் பேசினாள். முதலாளி நல்ல மனிதர்தான், எண்ணைப் பார்த்தவுடன் யோசித்தார். "எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தோமேம்மா" என்றாராம். வாங்கிக் கொடுத்தது உண்மை, தினமும் எட்டு மணிக்குப் பார்சல் வந்திருக்கிறது. இரவு தங்குகிறவர்களுக்குச் சாப்பாடும், வீட்டுக்குப் போக வண்டியும் கொடுக்கத்தான் வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டுப் பெண்பிள்ளைகள் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. ஆனால் அது வேலை நடக்கத் தேவையான ஏற்பாடு, பட்ட கடனுக்கு அது ஈடாகாது. தீபாவளி போனஸையும் இதோடு முடிச்சுப் போடக்கூடாது என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லியிருந்தேன். போனஸ் சட்டத்திலிருந்து வந்த உரிமை. உரிமையை எடுத்து ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுத்தால் யாருக்கும் சந்தோஷம் வராது. கடைசியில் ஆளுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பும், மீதிக்குப் பணமும் என்று முடிவானது. ஓர் ஆளுக்கு நாற்பது மணி நேரம், அதாவது ஐந்து நாள் என்பதால் மூன்றும் இரண்டும்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன். அசலில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் உண்டு.

"எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் 3ஆம் தேதி கணக்கு கையெழுத்தாகிவிட்டது. ஆறு வங்கிக் கணக்குக்கும் சரிக்கட்டும் பட்டியல் முதல் வாரத்திலேயே தயாராக இருந்தது, ஆடிட்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 640 கிலோ டையிங் லாட் இரண்டு இடத்தில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டதால் சரக்கிருப்பு சரியாக வந்தது. 38 பார்ட்டிகளிடமிருந்தும் கடிதம் வந்து, ஒத்துப்பார்த்தாகிவிட்டது.

இதற்காக உங்களில் ஐந்து பேர் பதினாறு நாள் இரவு வரை இருக்க நேர்ந்தது. சலான்களை மாதாமாதம் ஒத்துப்பார்க்க நான் ஏற்பாடு செய்யாததுதான் அதற்குக் காரணம். உங்களுடைய மாலை நேரத்தைக் கொடுத்ததற்கு நன்றி.

அந்த ஐந்து பேருக்கும் மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அக்டோபர் 31க்குள் எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள். மீதி இரண்டு நாளுக்கான பணம் இந்த மாதச் சம்பளத்தோடு வரும். இந்த மாதத்திலிருந்து ஜாப் ஒர்க் சலான்களை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள், அலுவலக நேரத்தில், இரண்டு பேர் அரைநாள் ஒதுக்கி ஒத்துப்பார்ப்பார்கள்."

வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை முதலில் வைத்தது வேண்டுமென்றேதான். அதைச் செய்தவர் தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவர். அவர் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நான் ஏற்பாடு செய்யாததுதான்" என்ற வரிக்கு அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேரு கெட்டுப்போகாதுங்களா?" என்றாள். ஆனால் அந்த வரியில்தான் உயிரே இருக்கிறது. கூடுதல் நேரத்துக்குக் காரணம் சொல்லாமல் விட்டால், ஆடிட் என்றால் அப்படித்தான் இருக்கும், மழைக்காலத்தில் மழை பெய்கிற மாதிரி என்று ஆகிவிடும். காரணம் சொன்னால் அது சரிசெய்யக்கூடிய விஷயமாகிறது. அடுத்த வருடம் அதே காரணத்துக்காக இருக்கச் சொன்னால் "போன வருசமே சொன்னீங்களே மேடம்" என்று கேட்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடியை மேனேஜர் தானாகக் கொடுப்பதுதான் மரியாதை.

மாதாமாதம் பார்ப்பதால் மொத்த வேலை பெரிதாகக் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பேர் அரைநாள் என்றால் மாதத்துக்கு எட்டு மணி, வருடத்துக்கு 96 மணி நேரம். புதிய சலான் என்றால் கேட்க ஆள் இருப்பார், டிரைவருக்கு ஞாபகம் இருக்கும், அதனால் தேடல் கொஞ்சம் குறையும். முக்கியமாக, அந்த வேலை பகலில் நடக்கும்.

இதையெல்லாம் செய்தாலும் ஆடிட் சீசனில் சில நாள் தாமதமாகத்தான் ஆகும். ஆடிட்டர் கடைசி நாளில் புதிதாக ஒன்று கேட்பார். அதற்கு என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, நன்றியை விட்டுவிட்டுக் கேட்பதைத் திருத்து என்றேன். ஜூலையிலேயே, "ஆகஸ்ட் கடைசியில் ஐந்து நாள், எட்டு மணி வரை ஆள் தேவைப்படலாம். முடிந்தவர்கள் சொல்லுங்கள். முடியாதவர்களிடம் காரணம் கேட்கமாட்டேன். இருந்த நேரத்துக்கு ஈடு விடுப்பு உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். எந்த நாள் முடியும் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வரலாம். மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் இருக்க முடியுமா?" என்று கேட்கிறார்களே, அதுதான் ஆளைக் கொல்வது. அந்த நேரத்தில் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

எங்கள் விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்வேன். வெயில், மின்விசிறி சத்தம், மோசமான டீ, எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வேளைக்கு இத்தனை தாள் என்று எண்ணித்தான் கட்டு தருவார்கள், தாளுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் பணமும் தருவார்கள். ஒரு தாளைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. யாரும் எங்களுக்குத் தலைவணங்கியதில்லை. அதனால் எங்களுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

மெசேஜ் எப்போது போடுவது என்பதும் ஒரு விஷயம். அவள் இரவு பதினொன்றரைக்குப் போடப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கு நேரம் கிடைக்குமாம்! காலை பத்து மணிக்குப் போடு, அதற்கு முன் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு 640 கிலோ விஷயத்தை வாயால் சொல் என்றேன். மணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே என்றும் சொன்னேன்.

தீபாவளி முடிந்து அவளிடம் பேசினேன். இந்த அக்டோபரில் யாரும் வேலையை விடவில்லை. அதற்கு மெசேஜ்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, திருப்பூரில் ஆள் போவதற்கும் நிற்பதற்கும் ஆயிரம் காரணம் உண்டு. 10ஆம் தேதி சலான் பார்ப்பது இரண்டு மாதமாக நடக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் தள்ளிப்போய் 11 ஆகியிருக்கிறது. ஐந்து பேரில் நான்கு பேர் மூன்று நாள் விடுப்பையும் எடுத்துவிட்டார்கள், ஒருத்தி அதைத் தீபாவளியோடு சேர்த்துப் பிறந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். அந்தப் பையன் மட்டும் எடுக்கவில்லை. மாதம் முடியப்போகிறதே என்று இவளே மூன்று தேதிகளைக் குறித்து, நீ வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். "லீவு போட்டுக்கறேன் மேடம், ஆனா ஆபீஸுக்கு வந்து ஏசியில உக்காந்துக்கலாமா?" என்று கேட்டானாம்.